உங்களுக்குத் தெரியுமா? – கணினி வழியே அணைக்கப்படும் ஊர்கள்

தானாக நகர்ந்த அம்புக்குறி

2015 டிசம்பர் 23, பிற்பகல் மூன்றரை மணி. உக்ரைனின் மேற்குப் பகுதியில் இருக்கும் இவானோ-ஃபிராங்கிவ்ஸ்க் வட்டாரத்துக்கு மின்சாரம் தரும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் முடியப் போகிறது. மேசையில் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த ஓர் ஆபரேட்டர், தன் கணினித் திரையில் மௌஸ் அம்புக்குறி தானாக நகர்வதைப் பார்த்தார். மௌஸை யாரும் தொடவில்லை. அம்புக்குறி ஒரு துணைமின் நிலையத்தின் பிரேக்கர் படத்துக்குப் போய் நின்று, அதைக் கிளிக் செய்தது. பிரேக்கரைத் திறக்கலாமா என்று கேட்டு ஒரு சிறு பெட்டி வந்தது. அம்புக்குறி அதற்கும் சம்மதம் சொன்னது. அந்தத் துணைமின் நிலையத்தை நம்பியிருந்த வீடுகள் அத்தனையும் இருண்டன.

ஆபரேட்டர் மௌஸைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. அம்புக்குறி அடுத்த பிரேக்கருக்குப் போனது. சற்று நேரத்தில் கணினி அவரை வெளியே தள்ளிவிட்டது. திரும்ப உள்ளே போக முயன்றால், அவருடைய பாஸ்வேர்டை மாற்றி வைத்திருந்தார்கள். தன் ஊர் ஒவ்வொரு பகுதியாக அணைவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அவரால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

அரைமணி நேரத்துக்குள் வேறு இரண்டு மின்விநியோக நிறுவனங்களிலும் இதுவே நடந்தது. கீவ் வட்டார நிறுவனத்தில் மட்டும் 110 கிலோவோல்ட் துணைமின் நிலையங்கள் 7, 35 கிலோவோல்ட் நிலையங்கள் 23 துண்டிக்கப்பட்டன. மூன்று நிறுவனங்களையும் சேர்த்தால் சுமார் 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரம் இல்லை. அதுவும் டிசம்பர் குளிரில். கணினித் தாக்குதலால் மின்சாரம் நின்றதாக உலகம் உறுதி செய்த முதல் நிகழ்வு இதுதான்.

வந்த வழி ஒரு வேர்ட் கோப்பு

அந்த மௌஸை நகர்த்தியவர்கள் அன்றைக்கு வந்தவர்கள் அல்ல. ஆறு மாதத்துக்கும் மேலாக உள்ளே இருந்தார்கள். தொடக்கம் ஒரு மின்னஞ்சல். அதனோடு வந்த வேர்ட் கோப்பைத் திறந்தால், "மேக்ரோவை இயக்குங்கள்" என்று ஒரு குறிப்பு வரும். யாரோ ஒரு ஊழியர் இயக்கினார். 'பிளாக்எனர்ஜி' என்ற மால்வேர் கணினியில் குடியேறியது.

ஆனால் அந்தக் கணினி, கடிதங்களும் கணக்குகளும் ஓடும் அலுவலக வலையமைப்பில்தான் இருந்தது. பிரேக்கர்களை இயக்கும் 'ஸ்காடா' வலையமைப்பு தனி. இடையில் ஃபயர்வாலும் இருந்தது. அதை உடைக்க அவர்கள் மெனக்கெடவே இல்லை. அலுவலகச் சர்வரிலிருந்து ஊழியர்களின் பெயரையும் பாஸ்வேர்டையும் பொறுமையாகத் திரட்டினார்கள். சில ஊழியர்களுக்கு வெளியிலிருந்தபடியே ஸ்காடாவுக்குள் நுழைய விபிஎன் அனுமதி இருந்தது. அதற்குப் பாஸ்வேர்ட் போதும்; கைப்பேசிக்கு வரும் ஓடிபி போல இரண்டாவது சோதனை எதுவும் கிடையாது. ஃபயர்வாலைப் பொறுத்தவரை, உரிய ஊழியர் உரிய வாசல் வழியாகத்தான் வந்தார்.

என் பார்வையில் இந்தத் தாக்குதலின் மையமே இதுதான். மின்தொகுப்பைக் கணினி வழியே தாக்குகிறவர், பெரும்பாலும் எந்த இயந்திரத்தையும் உடைப்பதில்லை. அதை இயக்கும் உரிமை யாருக்கு இருக்கிறதோ அவராகவே மாறிவிடுகிறார். பிரேக்கரும் தனக்கு வந்த சரியான கட்டளைக்குச் சரியாகவே பணிகிறது.

அணைப்பது பாதி, மீட்க விடாமல் செய்வது மீதி

பிரேக்கரைத் திறந்ததோடு அவர்கள் நிறுத்தியிருந்தால், சில நிமிடங்களில் யாராவது மறுபடி மூடியிருப்பார்கள். அதற்கு இடம் தரக் கூடாது என்று வரிசையாகத் திட்டம் போட்டிருந்தார்கள்.

துணைமின் நிலையத்தில் இருக்கும் பழைய கருவிகளையும் கட்டுப்பாட்டு அறையின் இன்றைய வலையமைப்பையும் இணைப்பது ஒரு சிறிய மாற்றிப் பெட்டி. அதன் உள்ளே இருக்கும் அடிப்படை மென்பொருளை, அவர்களே எழுதி வைத்திருந்த வெற்றுக் குப்பையால் மேலெழுதிவிட்டார்கள். அந்தப் பெட்டி இனி உயிர்பெறாது. தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்கித்தான் பொருத்த வேண்டும். அதுவரை கட்டுப்பாட்டு அறை எந்தக் கட்டளை அனுப்பினாலும் பிரேக்கருக்குப் போய்ச் சேராது.

கட்டுப்பாட்டு அறைக்கு இருந்த யுபிஎஸ் அமைப்பையும் விட்டுவைக்கவில்லை. குறித்த நேரத்தில் அது தானாக அணைந்து போகும்படி முன்கூட்டியே மாற்றியிருந்தார்கள். ஊருக்குக் கரண்ட் கொடுக்க வேண்டியவர்களே இருட்டில் உட்கார நேர்ந்தது. கடைசியில் 'கில்டிஸ்க்' என்ற நிரல் ஓடி, கணினிகள் மறுபடி தொடங்கவே முடியாதபடி வட்டுகளை அழித்தது.

இன்னொன்றும் உண்டு. நிறுவனத்தின் புகார் எண்ணுக்கு ஆயிரக்கணக்கில் போலி அழைப்புகள் வந்து குவிந்தன. கரண்ட் போனதைச் சொல்ல நினைத்த வீட்டுக்காரருக்கு லைன் கிடைக்கவில்லை. எந்தத் தெருவில் போயிற்று, எங்கே இருக்கிறது என்ற செய்தி நிறுவனத்துக்கும் வந்து சேரவில்லை. தாக்கியவர்கள் மின்சாரத்தோடு தகவலையும் சேர்த்தே துண்டித்தார்கள்.

மீட்டது வேனில் போன ஆட்கள்

இவ்வளவும் செய்தும் இருட்டு நீடித்தது 1 மணி முதல் 6 மணி நேரம்வரைதான். காரணம், அங்கிருந்த துணைமின் நிலையங்களில் பிரேக்கரைக் கையால் மூடும் வசதி இன்னும் இருந்தது. பணியாளர்கள் வண்டியில் ஏறி, ஒவ்வொரு நிலையமாகப் போய், கையால் மூடினார்கள். கணினிமயமாவதற்கு முந்தைய காலத்து வேலைமுறையை அவர்கள் மறந்துவிடவில்லை.

கட்டுப்பாட்டு அறைகளோ இரண்டு மாதம் கழித்தும் முழுமையாகச் சீரடையவில்லை. மின்சாரம் வந்த பிறகும் பல நிலையங்களை ஆள் வைத்தே ஓட்டினார்கள். "ஆறே மணி நேரம்தானே" என்று இதைக் கடந்துபோகிறவர்கள் இந்தப் பின்கதையைப் பார்ப்பதில்லை. கையால் இயக்கும் வசதியை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் தானியங்கி ஆக்கிவிட்ட மின்தொகுப்புகள் பணக்கார நாடுகளில் நிறைய உண்டு. இதே அடி அங்கே விழுந்திருந்தால் அனுப்ப ஆளும் இருந்திருக்காது, மூடக் கைப்பிடியும் இருந்திருக்காது.

அடுத்த ஆண்டு ஆள் தேவைப்படவில்லை

2016 டிசம்பர் 17, நள்ளிரவுக்குச் சற்று முன். இம்முறை இலக்கு தலைநகர் கீவுக்கு வடக்கே உள்ள 'பிவ்னிச்னா' என்ற 330 கிலோவோல்ட் துணைமின் நிலையம். கீவ் நகரம் பயன்படுத்தும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே அடியில் நின்றது. ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் மீட்டுவிட்டார்கள்.

நேரம் குறைவுதான். ஆனால் முறை புதிது. மௌஸை நகர்த்த யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. 'இண்டஸ்ட்ராயர்' என்று பின்னாளில் பெயரிடப்பட்ட நிரல், துணைமின் நிலையக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் தகவல்தொடர்பு முறைகளை அறிந்திருந்தது. அந்த முறையிலேயே "திற, திற" என்று பிரேக்கர்களுக்குத் தானே கட்டளை அனுப்பியது. அந்த முறைகளை வகுத்த காலத்தில், கட்டளையை அனுப்புவது யார் என்று சரிபார்க்க வேண்டும் என்ற கவலை யாருக்கும் இருக்கவில்லை. கம்பிக்குள் இருப்பவர் எல்லாரும் நம்மவர் என்ற நம்பிக்கையில் உருவானவை அவை.

தலைகீழாய்ப் போன முகவரி

அந்த 2016 தாக்குதலின் உண்மையான நோக்கம் இருட்டு அல்ல, சேதம் என்று 2019-இல் 'டிராகோஸ்' என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஜோ ஸ்லோவிக் விளக்கினார். அவருடைய விளக்கம் இப்படிப் போகிறது.

உயரழுத்தப் பாதைகளில் 'பாதுகாப்பு ரிலே' என்று ஒரு கருவி உண்டு. நம் வீட்டு மெயின் போர்டில் இருக்கும் டிரிப்பர் செய்யும் வேலையைத்தான் இது பெரிய அளவில் செய்கிறது: மின்னோட்டம் வரம்பு மீறினால் கண நேரத்தில் பாதையைத் துண்டித்துவிடும். இண்டஸ்ட்ராயரில் இருந்த ஒரு பகுதி, சீமென்ஸ் நிறுவனத்தின் ஒரு வகை ரிலேயைச் செயலிழக்கச் செய்வதற்கென்றே எழுதப்பட்டது. அந்த வகை ரிலேயில் தெரிந்த ஓட்டை ஒன்று இருந்தது. 18 பைட் கொண்ட சிறிய தகவல் ஒன்றை அனுப்பினாலே ரிலே உறைந்து போகும். பிறகு யாராவது நேரில் போய் அதை மறுபடி தொடங்கினால்தான் உண்டு.

இப்போது வரிசையைப் பாருங்கள். முதலில் பிரேக்கர்கள் திறக்கும். கட்டுப்பாட்டு அறையின் கணினிகள் அழியும். ரிலேக்கள் சத்தமில்லாமல் உறையும். முந்தைய ஆண்டு செய்தது போலவே பொறியாளர்கள் ஓடிப்போய், பதற்றத்தில், திரையில் எதுவும் தெரியாத நிலையில், பிரேக்கர்களைக் கையால் மூடுவார்கள். அந்த நேரத்தில் மின்னோட்டம் எகிறினால் தடுக்க ரிலே இல்லை. கம்பியும் கருவியும் கருகும். பக்கத்தில் நிற்கும் மனிதருக்கும் ஆபத்து. 2015-இல் ஊரைக் காப்பாற்றிய அதே கைகளைக் கொண்டே சேதத்தை உண்டாக்கும் திட்டம் இது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் இதைவிடக் கொடிய யோசனை வேறில்லை.

அது நடக்காமல் போனது ஒரு சின்னப் பிழையால். ரிலேக்களின் ஐபி முகவரிகளை நிரல் தலைகீழ் வரிசையில் படித்தது. 10.20.30.40 என்று போக வேண்டியது 40.30.20.10 என்று போவது போல. அந்தத் தகவல்கள் ஆளில்லாத முகவரிகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. ரிலேக்கள் விழித்தே இருந்தன.

யார் செய்தது?

2020 அக்டோபரில் அமெரிக்க நீதித்துறை, ரஷ்ய ராணுவ உளவுத்துறையான ஜிஆர்யுவின் 74455-ஆம் பிரிவைச் சேர்ந்த 6 அதிகாரிகள் மீது இந்த இரு தாக்குதல்களுக்காகவும், வேறு சிலவற்றுக்காகவும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. கணினிப் பாதுகாப்பு உலகம் இந்தக் குழுவைச் 'சாண்ட்வோர்ம்' என்று அழைக்கிறது. ரஷ்யா மறுக்கிறது.

போரின் முதல் அதிகாலை: செயற்கைக்கோள் ஊமையானது

2022 பிப்ரவரி 24. ரஷ்யப் படைகள் உக்ரைன் எல்லையைத் தாண்டிய அதே அதிகாலையில், 'வியாசாட்' நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் இணையம் ஐரோப்பாவில் பல்லாயிரக்கணக்கானோருக்கு நின்றுபோனது. உக்ரைன் ராணுவமும் தகவல்தொடர்புக்கு அதைப் பயன்படுத்தி வந்தது.

விண்ணில் இருந்த செயற்கைக்கோளை யாரும் தொடவில்லை. இத்தாலியின் டூரின் நகரத் தரைநிலையத்தில், சரியாக அமைக்கப்படாத ஒரு விபிஎன் கருவி வழியாக மேலாண்மை வலையமைப்புக்குள் நுழைந்தார்கள். மோடம்களுக்கு நிறுவனம் வழக்கமாகக் கட்டளை அனுப்பும் இடம் அது. அங்கிருந்து வீட்டு மோடம்களின் நினைவகத்தை அழிக்கும் கட்டளை போனது. முக்கால் மணி நேரத்தில் பல்லாயிரம் மோடம்கள் இணைப்பை இழந்தன. மாற்று மோடம்களாக ஏறக்குறைய 30,000 பெட்டிகளை நிறுவனம் பிறகு அனுப்ப வேண்டியிருந்தது.

ஜெர்மனியில் காற்றாலை நடத்துபவர்களுக்கும் அன்று காலை அதிர்ச்சி. 'எனர்கான்' நிறுவனத்தின் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் இணைப்பு அறுந்து போயிருந்தது. காற்றாலைகள் தானியங்கி முறையில் சுழன்று மின்சாரம் தந்துகொண்டுதான் இருந்தன. அவற்றின் நிலையைத் தூரத்திலிருந்து பார்க்க மட்டும் முடியவில்லை. உக்ரைன் ராணுவத்தைக் குறிவைத்த அடி, போரில் இல்லாத நாட்டின் வயல்வெளிக் காற்றாலையில் போய் விழுந்தது. கணினித் தாக்குதலுக்கு எல்லைக்கோடு தெரியாது என்பதற்கு இது ஒரு நேரடிச் சான்று.

ஏழு மணி பத்து நிமிடத்துக்கு வைத்த வேட்டு

2022 ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை. உக்ரைன் நேரப்படி மாலை 7:10-க்கு ஓடும்படி 'இண்டஸ்ட்ராயர்2' ஒரு மின் நிறுவனத்துக்குள் வைக்கப்பட்டிருந்தது. எந்தெந்தக் கருவிகளுக்குக் கட்டளை போக வேண்டும் என்ற விவரமெல்லாம் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. பத்து நிமிடம் கழித்து, 7:20-க்கு, அதே கணினியில் தடயத்தை அழிக்க வேறொரு நிரல் காத்திருந்தது. உக்ரைனின் கணினி அவசரக் குழுவும் ஸ்லோவாக்கிய நிறுவனமான 'ஈசெட்'டும் அதைக் கண்டுபிடித்து முறியடித்தன. வெற்றி பெற்றிருந்தால் 20 லட்சம் பேருக்கு மின்சாரம் போயிருக்கும் என்றார் எரிசக்தித் துறைத் துணை அமைச்சர் ஃபரித் சஃபரோவ்.

ஏவுகணையோடு கைகோத்த நாள்

2022 அக்டோபர் 10 அன்று உக்ரைன் நகரங்கள் மீதும் மின் கட்டமைப்பு மீதும் ஏவுகணைகள் பொழிந்தன. அதே நாளில் ஒரு துணைமின் நிலையத்தின் பிரேக்கர்கள் கணினி வழியாகவும் திறக்கப்பட்டன. இதற்கென்று தனி மால்வேர் எழுதவில்லை. அந்த நிலையத்தில் ஓடிய 'மைக்ரோஸ்காடா' என்ற மென்பொருளின் பழைய பதிப்போடு வந்த கருவியையே கட்டளை அனுப்பப் பயன்படுத்தினார்கள். நிறுவனத்தின் சொந்த மென்பொருளே ஓடுவதால் வைரஸ் தடுப்பானுக்குச் சந்தேகம் வர வழியில்லை. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 12-இல், அலுவலகக் கணினிகளை அழித்தார்கள். 'மேண்டியண்ட்' நிறுவனம் இதை 2023 நவம்பரில்தான் வெளிக்கொணர்ந்தது.

ஏவுகணையையும் கணினித் தாக்குதலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டாவது ஆயுதத்தின் வரம்பு தெரிகிறது. கணினித் தாக்குதலுக்கு மாதக்கணக்கில் பதுங்கியிருக்க வேண்டும். கிடைப்பதோ சில மணி நேர இருட்டு. ஒருமுறை பயன்படுத்திய வழி அம்பலமாகிவிடும். ஏவுகணை நேரே டிரான்ஸ்ஃபார்மரில் விழுந்தால், அதை மாற்றப் பல மாதம் ஆகும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கடையில் கிடைக்கும் பொருள் அல்ல. போர் முற்றிய பிறகு ரஷ்யா ஏவுகணையையும் டிரோனையும் அதிகம் நம்பியதற்கு இந்தக் கணக்கே காரணம் என்று நினைக்கிறேன். கணினித் தாக்குதல் உண்மையில் கை கொடுப்பது, போர் தொடங்கும் அந்த முதல் மணி நேரத்தில். அப்போது எதிரியின் தளபதி தன் படையோடு பேச முடியாமல் போனால், சில மணி நேரமே போதும்.

தெருவிளக்கு அணையாத ஊர்

2023 டிசம்பர் 12 அன்று உக்ரைனின் மிகப்பெரிய கைப்பேசி நிறுவனமான 'கீவ்ஸ்டார்' முடங்கியது. சுமார் 2.4 கோடி பேருக்குச் சிக்னல் இல்லை. தாக்கியவர்கள் மே மாதம் முதலே உள்ளே இருந்ததாகவும், ஆயிரக்கணக்கான சர்வர்களை அழித்ததாகவும் உக்ரைன் பாதுகாப்புச் சேவை அதிகாரி இல்லியா விட்டியுக் சொன்னார். சுமி வட்டாரத்தில் சில ஊர்களின் வான் தாக்குதல் எச்சரிக்கை ஒலி வேலை செய்யவில்லை. லிவிவ் நகரில் தெருவிளக்குகளை அணைக்கும் அமைப்பு கீவ்ஸ்டார் வலையமைப்பை நம்பியிருந்ததால், விடிந்த பிறகும் விளக்குகள் எரிந்தன; ஆள் போய்க் கையால் அணைத்தார்கள்.

கூடங்குளத்தில் தொட்டது எது, தொடாதது எது?

2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றி எழுந்த பரபரப்பு நினைவிருக்கலாம். நிலைய நிர்வாகம் முதலில் மறுத்தாலும், இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30-இல் ஒரு கணினியில் மால்வேர் இருந்ததை ஒப்புக்கொண்டது. அது இணையத்தோடு இணைந்த நிர்வாக வலையமைப்பில் இருந்த கணினி. உலையை இயக்கும் வலையமைப்பு அதிலிருந்து தனியே இருப்பதால் பாதிப்பில்லை என்றது. அது போர்க்காலத் தாக்குதல் அல்ல. ஆனால் இவானோ-ஃபிராங்கிவ்ஸ்கிலும் முதலில் நோய் கண்டது அலுவலகக் கணினிதான். அங்கே அலுவலகத்துக்கும் ஸ்காடாவுக்கும் இடையில் ஊழியர் நடந்துபோக ஒரு விபிஎன் பாதை இருந்தது. ஆகவே "நிர்வாகக் கணினிதானே" என்ற பதில் கேட்டதும், இரண்டுக்கும் இடையில் பாதை ஏதும் இருக்கிறதா என்ற கேள்வி உடனே வர வேண்டும்.

முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும், பதிவேடுகளைப் படிக்க ஆள் இருந்தால். 2015-இல் தாக்கியவர்கள் மாதக்கணக்கில் தடம் விட்டுத்தான் நடந்தார்கள். பாஸ்வேர்ட் சரியாக இருக்கலாம். ஆனால் அந்த ஊழியர் அந்த நேரத்தில், அந்த இடத்திலிருந்து ஏன் நுழைகிறார்? மாற்றிப் பெட்டிக்குப் புது மென்பொருள் போக, அன்று பராமரிப்பு அட்டவணையில் ஏதாவது வேலை குறித்திருந்ததா? யுபிஎஸ் தானாக அணைய யார் நேரம் வைத்தது? மின்தொகுப்பின் வலையமைப்பில் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரே போக்குவரத்துதான். எந்தக் கணினி எந்த ரிலேயோடு பேசும் என்பது ஆண்டுக்கணக்கில் மாறாது. புதிதாக ஒரு கணினி ரிலேயோடு பேசத் தொடங்கினால், அது அலுவலக வலையமைப்பில் நடப்பதைவிட இங்கே எளிதாகக் கண்ணில் படும். இதற்குத் தேவைப்படுவது, மின்பொறியியலும் கணினியும் இரண்டும் தெரிந்த ஒருவர் தினமும் அந்தப் பதிவுகளுக்கு முன் உட்காருவது.